விசாரணை நடுவே வரும் ராஜிநாமா

நூல் கிடங்கில் இருப்புக் குறைவு கண்டு, கிடங்குக் குமாஸ்தாவுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் கொடுத்தாகிவிட்டது. நான்காம் நாள், “சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்” என்று இரண்டு வரியில் ராஜிநாமா வந்து சேர்கிறது. நிர்வாகக் குழு அதனை ஏற்க மறுக்கலாமா? நமது சங்கங்களில் இக்கேள்வி எழும்போதெல்லாம் குழுவினர் இரு கட்சியாகப் பிரிவதைக் காண்கிறோம். “போனால் போகட்டும், தொல்லை விட்டது” என்பது ஒரு கட்சி. “விடவே கூடாது” என்பது மற்றொன்று.

பொதுவிதி ஊழியர் பக்கமே நிற்கிறது. விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க இயலாது. ஆயினும், ஏர் இந்தியாவை நடத்திய கம்பெனிக்கு எதிராக ஒரு விமானப் பொறியாளர் தொடர்ந்த வழக்கில், 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் இவ்வுரிமையின் எல்லையையும் குறித்தது. பணி விதிகளில் தடை இருந்தாலும், நியமன நிபந்தனைகளில் தடை இருந்தாலும், ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தோ உத்தேசிக்கப்பட்டோ அதிலிருந்து தப்பும் பொருட்டு ராஜிநாமா கொடுக்கப்பட்டாலும், அவ்வுரிமை தடைப்படும் என்பதே அதன் கருத்து. ஆகவே மறுக்கலாம். ஆனால் எவ்வாறு மறுப்பது என்பதில்தான் சங்கங்கள் வழுக்கி விழுகின்றன.

நமது உதாரணத்தையே தொடர்வோம். குறைவு 30 கட்டு நூல் என்றும், குறிப்பாணை 1ஆம் தேதி கையொப்பம் பெற்றுக் கொடுக்கப்பட்டது என்றும், ராஜிநாமா 5ஆம் தேதி வந்தது என்றும், பணியாளர் துணைவிதியில் ஒரு மாத முன்னறிவிப்புக் கோரப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். செயலாளர் முதலில் எடுத்துப் பார்க்கவேண்டியது அத்துணைவிதியைத்தான். “குழு ஏற்றுக்கொண்ட நாள் முதல் செல்லும்” என்றிருந்தால், ஏற்கும்வரை அவர் சங்க ஊழியரே. “அறிவிப்புக் காலம் முடிந்ததும் பணி முடிவுறும்” என்று மட்டும் இருந்தால், மௌனம் சங்கத்திற்கே வினையாகும். அறிவிப்புக் காலம் கழிவதற்குள் குழு கூடி, “குறிப்பாணை நிலுவையில் இருப்பதால் ராஜிநாமா ஏற்கப்படவில்லை” என்று தீர்மானித்து, அதனை எழுத்து மூலம் அவருக்குச் சேர்ப்பித்து, ஒப்புதல் சீட்டையும் கோப்பில் வைக்கவேண்டும். தலைவர் வாய்மொழியாக “பார்க்கலாம்” என்றது மறுப்பாகாது. ராஜிநாமா வந்த பிறகு முன்தேதியிட்டுக் குறிப்பாணை தயாரிப்பது அதனினும் கேடு. பதிவேட்டின் வரிசை எண்ணே காட்டிக் கொடுத்துவிடும்.

மறுப்பதால் கிடைப்பது யாது? அவரை மறுபடி கிடங்கில் உட்காரவைக்கும் அதிகாரம் கிடைப்பதில்லை. விசாரணையை முடித்துத் தண்டனை விதிக்கும் அதிகாரமே கிடைக்கிறது. பணிக்கொடையில் இதன் பலன் புலப்படும். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஐந்தாண்டுகள் தொடர்ந்து பணிபுரிந்தவர் ராஜிநாமா செய்தாலும் பணிக்கொடை பெறுவார். வேண்டுமென்று செய்த குற்றத்தாலோ கவனக்குறைவாலோ சங்கத்திற்கு நஷ்டம் விளைந்து, அதற்காக அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தால் மட்டுமே, அந்நஷ்டத்தின் அளவுக்கு அதனைப் பறிக்கலாம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இம்முறையையே கொண்டுள்ளது. ராஜிநாமாவை ஏற்றுக்கொண்டு, பின்னர் பணிக்கொடையில் பிடிப்போம் என்று எண்ணும் குழு இங்கேதான் ஏமாறுகிறது. பணி முடிந்த பின்னும் விசாரணையைத் தொடரலாம் என்று விதி இல்லாவிடில் விசாரணையும் அத்துடன் நின்றுவிடும். ஒரிஸ்ஸா மாநில நிதிக் கார்ப்பரேஷனில் ஓய்வு பெற்ற ஓர் ஊழியரின் வழக்கில், 1999இல் சுப்ரீம் கோர்ட் இவ்வாறே தீர்ப்பளித்தது.

எனினும், 30 கட்டு நூலின் கிரயம் மட்டுமே குழுவின் கவலையானால், மறுப்பதற்கு அத்தனை அவசியம் இல்லையென்றே கருதுகிறோம். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவு, இன்னாள் ஊழியரைப் போலவே முன்னாள் ஊழியர் மீதும் தண்டத்தீர்வை விதிக்க வழி செய்கிறது. விலகிப் போனவர் என்பதால் அவர் அப்பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. போலீஸில் புகார் செய்வதற்கும் ராஜிநாமா தடையன்று.

மறுத்த குழுவுக்கு ஒரு கடமையும் உண்டு. ராஜிநாமாவை மறுத்துவிட்டு விசாரணையை ஓராண்டு கிடப்பில் போடுவது சில இடங்களில் வழக்கமாகியுள்ளது. அது அநீதி, வேறு வேலைக்கும் போக முடியாமல் ஒருவரை நடுவில் நிறுத்துவதாகும். தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்குப் பிழைப்பூதியம் மாதந்தோறும் தரப்படவேண்டும். விசாரணைக்கு வருமாறு முறைப்படி அழைத்தும் அவர் வராவிட்டால், அழைப்பு சேர்ந்ததற்கான சான்றை இணைத்து, அவர் இல்லாமலே சாட்சிகளை விசாரித்துக் குறிப்பெழுதலாம். இருப்புப் பதிவேடும், நூல் வழங்கிய ரசீதுகளும் விசாரணை அதிகாரியின் முன் வைக்கப்பட்டே தீரவேண்டும். குமாஸ்தா ஓடிப்போனார் என்பது குற்றத்திற்குச் சாட்சியம் ஆகாது.