ரொக்க விலை என்ன, கடன் விலை என்ன?

மதுரை கீழமாசி வீதி மண்டிகளில் காலை பத்து மணிக்கு நின்று பார்த்தால், சின்னக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "துவரம் பருப்பு இன்னைக்கு என்ன விலை?" மண்டிக்காரர் ஒரு விலை சொல்வார். ஐந்து பத்து குறைக்கச் சொல்லிப் பேரம் நடக்கும். படிந்ததும் சரக்கு வண்டி ஏறிவிடும். பணம் எப்போது என்பதை இருவருமே பேசமாட்டார்கள். "வழக்கம்போல" என்று அர்த்தம்.

எங்கள் கடையும் பல வருஷம் அந்த "வழக்கம்போல"வில்தான் ஓடியது. வழக்கம் என்றால் 30 நாள் கடன். அந்த 30 நாளுக்கு நாங்கள் என்ன கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தது, ஒரு நாள் கையில் பணத்தோடு போனபோதுதான்.

"அண்ணாச்சி, ஒரு மாசத்துல தர்றதுன்னா மூட்டை 5,610. இப்பவே எண்ணிக் கொடுத்துட்டா?"

"எத்தனை மூட்டை தம்பி?"

"அஞ்சுதான்."

சிட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "5,500 போட்டுக்க" என்றார்.

இதில் உள்ள எண்கள் கணக்கு எளிதாக வருவதற்காக வட்டமாக்கியவை. நடப்பது இதுதான். 50 கிலோ மூட்டைக்கு 110 ரூபாய் வித்தியாசம். 5,500 ரூபாயை ஒரு மாதம் வைத்துக்கொள்ள 110 ரூபாய் என்றால், நம் ஊர்க் கணக்கில் இரண்டு வட்டி. வருஷத்துக்கு 24 சதவீதம். வட்டிக்கடைக்குப் போகவே மாட்டேன் என்று சொல்லும் கடைக்காரர் ஒவ்வொரு மூட்டையிலும் இரண்டு வட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறார். பருப்பு விலைக்குள் அது ஒளிந்திருப்பதால் கண்ணில் படுவதில்லை.

இதைவிட மோசம், நாணயத்துக்காக முன்கூட்டியே கொடுப்பது. கடன் விலைக்குச் சரக்கெடுத்துவிட்டு, பணம் சேர்ந்ததே என்று பதினைந்தாம் நாளே கொடுத்துவிட்டால், அதே 110 ரூபாயை அரை மாதத்துக்குக் கொடுத்ததாகிறது. அது நான்கு வட்டி. நல்ல பெயர் கிடைக்கும், ஆனால் அதை ரூபாயாகவும் கேட்டு வாங்க வேண்டும்: "பதினைஞ்சு நாள்ல தர்றேன், பாதியைக் குறைச்சுப் போடுங்க." பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மண்டிக்காரருக்கும் சரக்கு அனுப்பியவர்களுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. சின்னக் கடை நிறைய வாங்க முடியாது, சீக்கிரம் கொடுக்க முடியும். பேரத்தில் நம் கையிலிருக்கும் பலம் அதுதான்.

ஆகவே கேட்க வேண்டியது இரண்டு விலை: ரொக்க விலை, கடன் விலை. வித்தியாசத்தை மாத வட்டியாக்கி, உங்களுக்கு வெளியே பணம் எந்த வட்டிக்குக் கிடைக்கிறது என்பதோடு ஒப்பிடுங்கள். வங்கி ஓவர்டிராஃப்டோ நகைக்கடனோ ஒரு வட்டிக்குக் கிடைத்தால், அதை எடுத்து ரொக்கமாக வாங்கினாலும் மூட்டைக்கு 55 ரூபாய் மிச்சம். இரண்டு விலையும் ஒன்றே என்றால், கொடுத்த நாளை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு, பிஸ்கட் போன்ற கம்பெனிச் சரக்கில் சில விநியோகஸ்தர்கள் பில் டு பில் தருவார்கள். புதுச் சரக்கு இறங்கும்போது பழைய பில்லைத் தீர்த்தால் போதும். ரொக்கத்துக்குத் தனிக் கழிவு இல்லாவிட்டால் அங்கே முந்திக் கொடுப்பதில் ஒரு லாபமும் இல்லை.

அடுத்தது மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி. "இருபது மூட்டை எடு, மூட்டைக்கு நூறு குறைச்சுத் தர்றேன்." கேட்கும்போது இனிக்கும். உங்கள் கடையில் மாதம் ஐந்து மூட்டைதான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது மூட்டை நான்கு மாதச் சரக்கு. முதல் மூட்டை உடனே கரையும், கடைசி மூட்டை நான்காம் மாதம் கரையும். சராசரியாக ஒரு மூட்டையில் பணம் இரண்டு மாதம் முடங்குகிறது. மாதாமாதம் ஐந்து வாங்கியிருந்தால் அரை மாதம்தான் முடங்கும். கூடுதல் ஒன்றரை மாதம். 5,400 ரூபாய்க்கு ஒரு வட்டி என்றால் 81 ரூபாய் போகிறது. நூறு ரூபாய்த் தள்ளுபடியில் மிஞ்சுவது 19 ரூபாய். இரண்டு வட்டிப் பணம் என்றால் 162 போய், மூட்டைக்கு 62 ரூபாய் நஷ்டம். மழைக்காலத்தில் பருப்பில் வண்டு விழுவதையும், இடையில் விலை இறங்குவதையும் இன்னும் சேர்க்கவில்லை.

"பன்னிரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதும் இப்படித்தான். பன்னிரண்டில் ஒன்று என்று மனம் எட்டு சதவீதத்துக்கு மேல் போடும். உண்மையில் பதின்மூன்று உருப்படியில் ஒன்றுதான் இலவசம், அது 7.7 சதவீதம். அந்தப் பதின்மூன்றும் விற்றால்தான் அதுவும்.

நான் பார்த்ததில் சரியாக வேலை செய்த வழி வேறு. ஒரே நாளில் இருபது மூட்டை எடுக்காமல், "வேற எங்கயும் போகமாட்டேன், மாசம் அஞ்சு மூட்டை உங்ககிட்டதான், ரொக்கம்" என்று வாக்குக் கொடுத்து அதற்குக் கழிவு கேட்பது. நான்கு மாதத்துக்கு ஒரே விலை என்று கேட்காதீர்கள். பருப்பு விலை நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால் எந்த மண்டியும் ஒப்புக்கொள்ளாது. "அன்னன்னைக்கு இருக்கிற விலையில மூட்டைக்கு அம்பது குறைச்சு" என்று கேளுங்கள். விலை எப்படிப் போனாலும் கழிவு நிற்கும். பருப்பிலும் சர்க்கரையிலும் மண்டிக்கே லாபம் மெல்லியது என்பதால் அதற்குமேல் இழுத்தால் தரம் குறையும். அப்போது வண்டி வாடகையைக் கேட்கலாம், ஏற்றுக்கூலியைக் கேட்கலாம், கிழிந்த மூட்டையைத் திருப்பி எடுப்பதைக் கேட்கலாம். எல்லாமே பணம்தான்.

கடன் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. கடை தொடங்கும்போது வேறு வழியிருக்காது. ஆனால் பாக்கி ஏறினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஒருமுறை எங்களுக்கு வந்த பருப்பில் உடைசலும் தூசியும் கலந்திருந்தது. அப்பா மூட்டையைப் பிரித்து, உள்ளங்கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி தைத்து வைத்தார். மண்டியில் பழைய பாக்கி நின்றது. திருப்பி அனுப்பினால் பாக்கியைக் கேட்பார்கள், வேறு மண்டிக்கும் போக முடியாது. கடன் விலையில் இந்த இழப்பு எங்கும் எழுதப்படுவதில்லை.

பிணையாகக் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கேட்டால் கொடுக்காதீர்கள். காசோலை திரும்பி, நோட்டீஸ் வந்த பிறகும் உரிய காலத்தில் பணம் கட்டாவிட்டால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி அது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையோ, தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் தொகையும் தேதியும் எழுதிக் கொடுங்கள்.

பேசி முடித்த கழிவு பில்லில் ஏற வேண்டும். பிறகு தருவதென்றால் கிரெடிட் நோட்டாக வர வேண்டும். "அடுத்த சரக்குல பார்த்துக்கலாம்" என்ற கழிவு எங்கள் கடைக்கு ஒருமுறைகூட முழுதாக வந்ததில்லை.

அடுத்த முறை மண்டிக்குப் போகும்போது ஐந்து சரக்குக்கு மட்டும் இரண்டு விலையையும் கேட்டு, ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். எதைக் கடனில் எடுப்பது, எதை ரொக்கத்தில் எடுப்பது என்பதை அந்த நோட்டை வைத்து முடிவு செய்யுங்கள்.