எக்கோ அறிக்கையில் 35: எவ்வளவு விளக்குவது?

எக்கோ அறிக்கையைக் கையில் வாங்கும் குடும்பத்தினரின் கண், 'இ.எஃப்.' என்பதற்கு எதிரே உள்ள எண்ணில்தான் முதலில் நிற்கிறது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று இதய மருத்துவர்களாகிய நாங்கள் தீர்மானிக்க வேண்டிய இடமும் அதுவே.

மாரடைப்புக்குப் பின் ஒருவருக்கு அந்த எண் 35 என வந்திருப்பதாகக் கொள்வோம். "இதயம் பலவீனமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், வீட்டார் அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். "35 சதவீதம்" என்று மட்டும் சொன்னால், மீதி 65 போய்விட்டது என்று எண்ணுவார்கள். தேர்வு மதிப்பெண்ணுக்குப் பழகிய மனம் அப்படித்தான் கணக்கிடும். 60 என்ற நல்ல அறிக்கையோடு கலங்கி வருவோரும் உண்டு. இதயச் சுவரின் எந்தப் பகுதி அசையவில்லை என்பது வரை எல்லாவற்றையும் அடுக்கினாலோ, எதுவுமே மனத்தில் தங்காது.

ஆகவே ஒரே ஒரு படத்தைத் தருகிறோம். இதயத்தின் இடது கீழறையில் 100 மில்லி இரத்தம் நிரம்புவதாகக் கொள்ளுங்கள். நலமான இதயமும் ஒரு துடிப்பில் அதை முழுவதும் வெளியே தள்ளுவதில்லை. ஏறத்தாழ 55 முதல் 70 மில்லியே தள்ளும். இவருடைய இதயம் 35 மில்லி தள்ளுகிறது. ஒப்பிட வேண்டியது 60-ஐ ஒட்டிய எண்ணுடன். 100 உடன் அன்று. உண்மையில் அந்த அறையின் கொள்ளளவு ஆளுக்கு ஆள் மாறும். வீட்டில் செய்ய வேண்டிய எதையும் அது மாற்றாது என்பதால், தெரிந்தே விட்டுவிடுகிறோம்.

ஒரு நுட்பத்தை மட்டும் விடுவதில்லை. ஒரே இதயத்தை இருவர் அளந்தால் சில புள்ளிகள் வேறுபடும். இதை அறியாதவர்கள், அடுத்த அறிக்கையில் 32 என்று கண்டதும் மாத்திரை பயனில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டு, சுமார் மூன்று மாதம் கழித்து அளக்கும்போதுதான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

எண்ணைவிட அன்றாடம் உதவுவது எடை பார்க்கும் கருவி. காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், எடை பார்த்துக் குறிக்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடலில் நீர் தேங்குகிறது என்று கொண்டு உடனே எங்களை அழைக்க வேண்டும். மூச்சுத்திணறல் ஏற்பட்டால், எடை கூடும்வரை காத்திருக்கக் கூடாது.

விளக்கம் சரியான அளவில் அமைந்ததா என்பதை அறிய, கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லுமாறு உடனிருப்பவரைக் கேட்கிறோம். "அப்பாவின் இதயம் பாதிக்குமேல் நின்றுவிட்டது" என்று மகள் சொன்னால், படத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறோம். "கொஞ்சம் குறைவாகத் தள்ளுகிறது, எடை ஏறினால் கூப்பிட வேண்டும்" என்றால் அன்றைக்கு அது போதும்.

அதற்குமேல் கேட்பவர்களுக்கு அறிக்கையைத் திறந்து வரிவரியாக விளக்குகிறோம். அவர்களில் பலர் விரல் வைப்பது, 'வால்வில் மிகச் சிறு கசிவு' என்ற வரியில். நலமாக இருப்போரிடமும் அடிக்கடி காணப்படும் ஒன்று அது.