மைனர் பெண் போட்ட கையெழுத்து: 18 முடிந்ததும் செல்லுமா?



போன மாதக் கூட்டத்தில் ஒரு ஊக்குநர் அக்கா எழுப்பிய கேள்வி இது. எல்லோருக்கும் பயன்படும் என்பதால் கற்பனையாக ஒரு பெயர் வைத்து எழுதுகிறோம்.

செல்விக்கு வயது 17. குழு உறுப்பினரான அவளுடைய அம்மா இறந்துவிட்டார். "பாவம், பிள்ளை பிழைச்சுப் போகட்டும்" என்று அம்மாவின் இடத்தில் செல்வியைச் சேர்த்து, ஆடு வாங்க 8,000 ரூபாய் கடன் கொடுத்தார்கள். தீர்மான நோட்டில் அவளே கையெழுத்துப் போட்டாள். 1,000 ரூபாய் கட்டினாள். பிறகு ஆடுகள் நோயில் செத்துப்போக, தவணை நின்றுவிட்டது.

அவளுக்கு 18 முடிந்ததும் குழுவில் ஒரு யோசனை சொன்னார்கள். "இப்போ மேஜர் ஆயிட்டா. பாக்கி 7,000-க்கு புதுசா புரோநோட்டு எழுதி வாங்கிடுவோம்." செல்வியும் எழுதிக் கொடுத்தாள். இந்த நோட்டு செல்லுமா?

செல்லாது. ஏன் என்று பார்ப்போம்.

1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தம் செய்பவர் மேஜராக இருக்க வேண்டும். 1903-ல் தர்மதாஸ் கோஷ் என்பவரின் வழக்கில், மைனர் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்பானது. அவர் மைனராக இருந்தபோது கல்கத்தாவில் 20,000 ரூபாய்க்கு வீட்டை அடமானம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த அடமானம் செல்லாமல் போனது. வயதை மாற்றிச் சொல்லியிருந்தாலும், அந்தப் பொய்யைக் காட்டி மைனரை ஒப்பந்தத்துக்குள் கட்டிப்போட முடியாது.

பிறகு மேஜரானதும் "சரி, ஒப்புக்கொள்கிறேன்" என்றால் என்ன தப்பு என்று கேட்கலாம். வாடிப்போன செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். நடாத செடிக்கு ஊற்ற முடியுமா? சட்டத்தின் கண்ணில் பழைய ஒப்பந்தம் பிறக்கவே இல்லை. அதனால் பின்னால் ஒப்புக்கொண்டு அதற்கு உயிர் கொடுக்க முடியாது.

புது நோட்டாவது தனியாக நிற்குமா? ஒரு வாக்குறுதி செல்ல வேண்டுமானால் அதற்குக் கைமாறு வேண்டும். இதைச் சட்டத்தில் பிரதிபலன் என்பார்கள். செல்வி 18 வயதில் நோட்டு எழுதியபோது குழு புதிதாக ஒரு ரூபாயும் தரவில்லை. மைனராக இருந்தபோது வாங்கிய பணம் இந்தப் புது நோட்டுக்குக் கைமாறு ஆகாது.

இப்போது கதையைக் கொஞ்சம் மாற்றுவோம். 18 முடிந்த செல்விக்குக் குழு புதிதாக 5,000 ரூபாய் கையில் கொடுத்து, பழைய 7,000-ஐயும் சேர்த்து 12,000-க்கு நோட்டு வாங்குகிறது. இங்கே புதுப் பணம் கைமாறியிருக்கிறது. புதிய 5,000-க்கு அவள் பொறுப்பு. இதுபோன்ற ஒரு வழக்கில் முழுத் தொகைக்கும் பொறுப்பு என்று சொன்ன தீர்ப்பும் உண்டு. ஆனால் அதை நம்பிக் கடன் கொடுப்பது புத்திசாலித்தனம் அல்ல.

இன்னொரு மாற்றம். மேஜரான செல்வி, "வாங்கினது வாங்கினதுதானே" என்று தானே மனதார 2,000 கட்டினாள் என்று வைத்துக்கொள்வோம். அதை அவள் திருப்பிக் கேட்க முடியாது. மீதி 5,000-ஐக் கட்டச் சொல்லி குழு வழக்குப் போடவும் முடியாது.

சாப்பாடு, வைத்தியம் போன்ற அத்தியாவசியத் தேவைக்குக் கொடுத்திருந்தால்? மைனருக்குச் சொத்து இருந்தால் அந்தச் சொத்திலிருந்து நியாயமான தொகையைக் கேட்கலாம். அப்போதும் அவள் நேரடியாகப் பொறுப்பாக மாட்டாள். வியாபாரத்துக்கு ஆடு வாங்கியதை இந்தக் கணக்கில் சேர்ப்பது கடினம்.

"அப்போ 7,000-ஐ யார் தலையில் கட்டுவது?" என்று கேட்பீர்கள். வங்கிக் கடனிலிருந்து கொடுத்திருந்தால் வங்கி குழுவிடம்தான் கேட்கும். மற்ற உறுப்பினர்களின் சேமிப்பில்தான் கை வைக்க வேண்டிவரும். ஆனால் இதே சட்டம்தான், நம் வீட்டு 17 வயதுப் பிள்ளையிடம் யாராவது நிலத்துக்குக் கைநாட்டு வாங்கினால் அந்த நிலத்தைக் காப்பாற்றுகிறது.

அதனால் உறுப்பினராகச் சேர்க்கும் முன்பே பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ வாங்கிப் பிறந்த தேதியைப் பாருங்கள். வாய்ச்சொல்லை வைத்து வயது எழுதாதீர்கள். செல்வி போன்ற பிள்ளைக்கு உதவி தேவையென்றால், பாட்டியோ சித்தியோ உறுப்பினராகித் தங்கள் பெயரிலேயே கடன் வாங்கித் தங்கள் கையெழுத்தைப் போடட்டும். அந்தக் கையெழுத்து செல்லும்.

அடுத்த கூட்டத்தில் உறுப்பினர் பதிவேட்டை எடுத்து வயதுப் பகுதியை ஒருமுறை சரிபாருங்கள்.