பத்தாம் நாள் காய்ச்சல்

கீமோதெரபி ஏற்றிய முதல் இரண்டு மூன்று நாட்களில் நோயாளி படும் பாட்டை வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள். குமட்டல், வாந்தி, எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிற அலுப்பு. நான்கைந்து நாளில் அது தணிந்து, அவர் எழுந்து நடமாடி இரண்டு இட்லி சாப்பிடத் தொடங்கியதும், இந்தத் தடவை தப்பித்தோம் என்று வீடு நிம்மதியாகிறது. உண்மையில் ஆபத்தான நாட்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. பெரும்பாலான கீமோ மருந்துகளுக்கு, ஏற்றிய நாளிலிருந்து எண்ணினால் ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை உள்ள இடைவெளியில் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. அந்த நாட்களில் வரும் காய்ச்சலை மருத்துவர்கள் நியூட்ரோபீனிக் காய்ச்சல் என்கிறார்கள். மாரடைப்பு போல மணிக்கணக்கு பார்த்துச் சிகிச்சை செய்ய வேண்டிய அவசரம் அது.

வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்று ஒரு வகை. பாக்டீரியா உள்ளே நுழைந்தால் முதலில் ஓடிப்போய் அதை விழுங்கிக் கொல்வது இதுதான். எலும்பு மஜ்ஜை இதை ஓயாமல் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். காரணம், ரத்தத்துக்குள் வந்தபின் இதன் ஆயுள் மிகக் குறைவு. வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைக் கீமோ மருந்து தாக்கும்போது, புற்றுநோய்ச் செல்லோடு மஜ்ஜையின் இளம் செல்களும் அடிபடுகின்றன. ஏற்கெனவே முதிர்ந்து மஜ்ஜையில் காத்திருக்கும் இருப்பு சில நாட்களுக்குத் தாங்கும். அது தீர்ந்ததும் எண்ணிக்கை சரிகிறது. மருந்தின் விளைவு இரண்டாம் நாளில் தெரியாமல் பத்தாம் நாள் வாக்கில் தெரிவதற்கு இதுதான் காரணம்.

அதே மருந்து வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்படலத்தையும் புண்ணாக்குகிறது. நம் குடலில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அந்தப் புண் வழியாக ரத்தத்துக்குள் புகுகின்றன. தடுக்க நியூட்ரோபில் இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். "வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை, யாரையும் கிட்டே விடவில்லை, எப்படிக் கிருமி வந்தது?" என்று கேட்டு அழுகிறவர்கள் உண்டு. சமைத்துப் போட்ட மனைவியோ மகளோ தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறார். கை கழுவுவதும் நன்றாக வேகவைத்த சாப்பாடும் அவசியம்தான். ஆனால் இந்தக் கிருமிகளில் பெரும்பகுதி நோயாளியின் உடம்புக்குள்ளேயே இருந்தவை. யாருடைய கவனக்குறைவும் காரணம் இல்லை.

இந்த நோயைப் புரிந்துகொள்ள ஒன்று போதும். சாதாரணமாகத் தொற்று வந்தால் அந்த இடம் சிவக்கும், வீங்கும், சீழ் கட்டும். நுரையீரலில் வந்தால் சளி வரும், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். இந்த அடையாளங்களில் பலவற்றை உண்டாக்குவதே நியூட்ரோபில்தான். சீழ் என்பது பெரும்பாலும் இறந்துபோன நியூட்ரோபில்களின் குவியல். அவை இல்லாத உடம்பில் சீழும் இல்லை, வீக்கமும் இல்லை. நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். மலவாயில் தொற்று இருந்தும் வலியைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போகலாம். பல நேரங்களில் உடம்பு கொடுக்கும் ஒரே அறிகுறி காய்ச்சல். "சளி இருமல் ஒன்றும் இல்லை, வெறும் காய்ச்சல்தான்" என்ற பேச்சு இவர்கள் விஷயத்தில் ஆறுதல் தரக் கூடாது, பயத்தைத்தான் தர வேண்டும்.

ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொள்வோம். மதுரையில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் 54 வயதுப் பெண். அட்ரியாமைசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரண்டு மருந்துகள், 21 நாளுக்கு ஒருமுறை. இரண்டாவது கீமோ முடிந்து ஊருக்கு வந்து பத்தாம் நாள். இரவு ஒன்பது மணிக்கு உடம்பு அசதியாக இருக்கிறது என்று படுக்கிறார். சிறிது நேரத்தில் குளிர் எடுக்கிறது, போர்வைக்குள்ளும் நடுங்குகிறார். நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்தால் 100.8 டிகிரி ஃபாரன்ஹீட். கணவர் சொல்கிறார்: "ஒரு காய்ச்சல் மாத்திரையைப் போட்டுட்டுப் படும்மா. காலையில டாக்டர்கிட்டப் போகலாம்."

அந்த மாத்திரையைப் போட்டால் என்ன ஆகும்? பதினோரு மணிக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கும். எல்லோரும் தூங்கிவிடுவார்கள். பாராசிட்டமால் வெப்பத்தைக் குறைக்குமே தவிர பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. அது ரத்தத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். அதிகாலையில் மறுபடி நடுக்கம் வந்து, விடிவதற்குள் ரத்த அழுத்தம் சரிந்து, கைகால் சில்லிட்டு, சிறுநீர் குறைந்து, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லும் நிலைக்கு அவர் போகக்கூடும். அது செப்டிக் ஷாக். அங்கிருந்து மீட்பது வேறு வகையான போராட்டம், ஐசியுவில் நடப்பது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் யாருக்கு ஆகும் என்று இரவு ஒன்பது மணிக்கு வீட்டில் வைத்துச் சொல்ல யாராலும் முடியாது.

நம் கதையில் மகள் மாத்திரையைத் தடுக்கிறார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் செய்கிறார், உடனே வரச் சொல்கிறார்கள். கார் பிடித்துப் பதினோரு மணிக்குக் கேஷுவாலிட்டி போய்ச் சேர்கிறார்கள். வாசலில் மகள் சொல்லும் முதல் வாக்கியம்: "அம்மாவுக்குக் கீமோ போயிட்டிருக்கு, இன்னைக்குப் பத்தாவது நாள், காய்ச்சல் 100.8 இருந்துச்சு." வரிசையில் உட்கார வைக்காமல் உள்ளே அழைத்துப்போக இந்த ஒரு வாக்கியம் போதும். நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் 100க்கு 60. இரண்டு இடங்களிலிருந்து ரத்தம் எடுத்து பிளட் கல்ச்சருக்கு அனுப்புகிறார்கள். மார்பில் போர்ட் பொருத்தியிருந்தால் அதிலிருந்தும் ஒன்று எடுப்பார்கள். கல்ச்சருக்கு எடுத்ததும், அணு எண்ணிக்கை வரும்வரை காத்திராமல், செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக்கை நரம்பு வழியாக ஏற்றத் தொடங்குகிறார்கள். சில ஆஸ்பத்திரிகளில் பிப்பராசிலின்–டாசோபாக்டம் கொடுப்பார்கள். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் உள்ளே போக வேண்டும் என்பதே உலகெங்கும் வைத்திருக்கும் இலக்கு.

ரத்த ரிப்போர்ட் பிறகு வருகிறது. மொத்த வெள்ளை அணுக்கள் 800. அதில் நியூட்ரோபில் 15 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 120. ஆரோக்கியமானவருக்கு இந்த எண் 1,500க்கு மேல் இருக்கும். 500க்குக் கீழே போனால் அபாயம், 100க்குக் கீழே மிக அபாயம். ரிப்போர்ட்டில் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சமாதானம் அடையக் கூடாது. இந்தப் பெருக்கலை வீட்டாரே போட்டுப் பார்க்கலாம்.

மறுநாள் கல்ச்சரில் ஈ.கோலை வளர்கிறது. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும் மருந்து அதற்குச் சரியானதுதான் என்று பின்னர் உறுதியாகிறது. மூன்றாம் நாள் காய்ச்சல் விடுகிறது, அணுக்கள் ஏறத் தொடங்குகின்றன, அதன்பின் வீடு திரும்புகிறார். எல்லோருக்கும் இவ்வளவு தெளிவாக விடை கிடைக்காது. பெரும்பாலானவர்களுக்குக் கல்ச்சரில் எதுவுமே வளர்வதில்லை. ஆனாலும் மருந்து தொடரும்.

கிருமி எது என்று தெரியுமுன்பே மருந்தைத் தொடங்கும் இந்த வழக்கம் தானாக வந்ததல்ல. 1966இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெரால்ட் போடியும் அவருடைய சகாக்களும், லுக்கேமியா நோயாளிகளிடம் இந்த அணுக்கள் எவ்வளவு குறைகின்றனவோ, எத்தனை நாள் குறைந்தே இருக்கின்றனவோ, அவ்வளவுக்குத் தொற்று கூடுகிறது என்று காட்டினார்கள். அந்தக் காலத்தில் கல்ச்சர் முடிவு வரும்வரை காத்திருப்பார்கள். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ரத்தத்தில் கலந்தவர்களில் பலர் அந்த முடிவு வருவதற்குள் இறந்துபோனார்கள். 1971இல் பால்டிமோரில் ஸ்டீபன் ஷிம்ஃப் குழுவினர், காய்ச்சல் தெரிந்தவுடனேயே இரண்டு ஆன்டிபயாடிக்குகளைத் தொடங்கிப் பலன் கண்டு எழுதினார்கள். இன்று மருந்துகள் மாறிவிட்டன, அணுகுமுறை அதுவே.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வேண்டும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. சூடாகக் காபி குடித்திருந்தால் கால் மணி நேரம் விட்டு நாக்குக்கு அடியில் வையுங்கள். வாயில் புண் இருந்தால் அக்குளில் வைக்கலாம், ஆனால் அங்கே சற்றுக் குறைவாகவே காட்டும் என்பது நினைவில் இருக்கட்டும். மலவாயில் தெர்மாமீட்டரோ எனிமாவோ வேண்டாம், அது புதிய புண்ணை உண்டாக்கும். ஒரு தடவை பார்த்தாலே 101, அல்லது 100.4 வந்து ஒரு மணி நேரம் நிலைத்தால் நியூட்ரோபீனிக் காய்ச்சல் என்பது மருத்துவ வரையறை. வீட்டுக்கு அந்த ஒரு மணி நேரமும் வேண்டாம் என்பேன். 100.4 தொட்டதும் போன் செய்யுங்கள்.

தெர்மாமீட்டர் ஏமாற்றும் நேரங்களும் உண்டு. வாந்தியைக் கட்டுப்படுத்தக் கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. அது காய்ச்சலை அமுக்கும். உடம்பு வலிக்காகத் தினமும் பாராசிட்டமால் எடுப்பவருக்கும் அப்படியே. வயதானவர்களுக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம். ஆகவே நடுக்கும் குளிர், மூச்சு வாங்குதல், நிற்காத பேதி, வலப்பக்க அடிவயிற்று வலி, சிறுநீர் குறைதல், திடீர்க் குழப்பம், எழுந்தால் தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும், தெர்மாமீட்டர் 98.6 காட்டினாலும் கிளம்ப வேண்டியதுதான். போர்ட்டில் மருந்தோ சலைனோ ஏற்றிய உடனே நடுக்கம் வந்தால், தொற்று அந்தக் குழாயிலேயே இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி வருவதுதான் நம் ஊர்களில் அதிகம் நடக்கும் தவறு. எல்லோருக்கும் பல நாள் அட்மிஷன் தேவை என்றில்லை. அபாயம் குறைந்தவர்களை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. ஆனால் அது ரத்தம் எடுத்து, பரிசோதித்து, மதிப்பெண் போட்டுப் பார்த்தபின் மருத்துவர் எடுக்கும் முடிவு. புற்றுநோய் ஆஸ்பத்திரி மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தால், நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றக்கூடிய அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் முதல் டோஸ் போட்டுக்கொண்டு போவது நல்லது. அது எந்த ஆஸ்பத்திரி, அங்கே எந்த மருந்து தொடங்கலாம் என்பதை முதல் கீமோ அன்றே உங்கள் மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கீமோ மருந்தின் பெயரும் ஏற்றிய தேதியும் அதே தாளில் இருக்கட்டும்.

ஒருமுறை இப்படிக் காய்ச்சல் வந்தவருக்கு அடுத்த சுற்றிலும் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் நம் பெண்ணுக்கு மூன்றாவது கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்து பெக்ஃபில்கிராஸ்டிம் என்ற ஊசியைத் தோலுக்கு அடியில் போடுகிறார்கள். அது மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோபில்களைச் சீக்கிரம் தயாரிக்க வைக்கும். இடுப்பிலும் முதுகெலும்பிலும் ஓரிரு நாள் வலி இருக்கலாம். அந்த வலிக்கு மாத்திரை போடுவதற்கு முன்பும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட வேண்டும். இந்த ஊசி அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களைச் சுருக்குகிறது, முழுதாக இல்லாமல் ஆக்குவதில்லை.