மேலதிகாரி சொன்னார் என்பது எதுவரை காப்பாற்றும்?

உத்திரமேரூர் பக்கம் ஏரிக்கரையில் ஓடிப் பழகி ராணுவத்துக்குப் போகும் பையன்களுக்கு, பயிற்சி மைதானம் முதலில் கற்றுத்தருவது கீழ்ப்படிதலை. அந்தக் கீழ்ப்படிதலுக்கு எல்லை உண்டு என்பதை அவர்களும் அவர்கள் வீட்டாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

2010 ஏப்ரலில் காஷ்மீரின் மச்சில் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். கூலிவேலை என்று ஆசைகாட்டி, பாராமுல்லா மாவட்டக் கிராமத்து ஆட்கள் மூவரை எல்லைக்கோட்டருகே அழைத்துப் போய்ச் சுட்டுக்கொன்று, ஊடுருவ வந்த தீவிரவாதிகள் என்று கணக்குக் காட்டினார்கள். ராணுவ நீதிமன்றம் ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதில் ஒருவர் கர்னல், ஒருவர் கேப்டன். மீதி மூவர் ஒரு ஹவில்தாரும் இரண்டு லான்ஸ் நாயக்குகளும். கடைநிலைக்கென்று தண்டனை குறையவில்லை. 2017இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது. ஆனால் அதற்குள் அவர்கள் சிறையில் கழித்த காலம் திரும்பாது.

ராணுவச் சட்டம் 1950இன் 41ஆவது பிரிவு, 'சட்டப்படியான' உத்தரவை மீறுவதைத்தான் குற்றமாக்குகிறது. போர்ப்பணியில் அதற்கு 14 ஆண்டுவரை சிறை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 14ஆவது பிரிவிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: மேலதிகாரியின் சட்டத்துக்கு உட்பட்ட ஆணைப்படி கலகக் கூட்டத்தைச் சுடும் சிப்பாய் குற்றவாளி அல்ல. எதிரில் இருப்பவன் ஆயுததாரி என்று உண்மையாகவே நம்பிச் சுட்டு, அது தவறாகிப்போனாலும் இந்தப் பிரிவு காப்பாற்றலாம். அவன் கூலியாள் என்று தெரிந்தே சுட்டால் காப்பாற்றாது. போலி என்கவுன்ட்டர் வழக்கொன்றில் 2011இல் உச்ச நீதிமன்றம், நியூரம்பெர்க் விசாரணையைச் சுட்டிக்காட்டி, மேலிடத்து உத்தரவு என்ற சாக்கு செல்லாது என்று போலீஸ்காரர்களுக்குச் சொன்னது.

பிடிக்காத உத்தரவு வேறு, சட்டவிரோத உத்தரவு வேறு. கடும் குளிரில் காவல் நிற்கச் சொன்னால் நின்றுதான் ஆக வேண்டும். சந்தேகம் இருந்து மறுத்து, பின்னால் உத்தரவு சரியென்று தீர்ந்தால் தண்டனை மறுத்தவனுக்கே. அதனால் மறுப்பதற்கு, பிடிபட்டவனைக் கொல், பெண்ணைத் தொடு, பிணத்தின் பக்கத்தில் துப்பாக்கியை வை என்பதுபோல எந்தச் சிப்பாய்க்கும் பார்த்தவுடன் புரிகிற குற்றமாக இருக்க வேண்டும். அப்போது உத்தரவைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். "இது சட்டப்படி முடியாது சார்" என்று அருகிலிருப்பவர் காதில் விழும்படி மரியாதையாகச் சொல்லுங்கள். கத்தவோ ஆயுதத்தை வீசவோ வேண்டாம், அதுவே தனிக் குற்றமாகிவிடும். நாள், நேரம், இடம், உடனிருந்தவர்களை நினைவில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு ராணுவச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி கம்பெனி கமாண்டரிடம் முறையிடலாம். புகாரே அவர்மேல் என்றால் அடுத்த மேலதிகாரியிடம்.

கோர்ட் மார்ஷல் தண்டனையை எதிர்த்துச் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயக் கிளைக்குப் போகலாம். வீட்டார் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். தகுதி இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வழக்கறிஞர் இலவசமாகக் கிடைப்பார். மகன் போனில் சொன்ன பணி விவரங்களை மட்டும் வாட்ஸ்அப்பில் ஏற்றிவிடாதீர்கள். அவன்மேல் ரகசியத்தை வெளியிட்ட வழக்கும் சேர்ந்துவிடும்.