கடைசிப் பத்து மீட்டர்

30 மீட்டர் ஆழத்தில் இருக்கும்வரை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கயிற்றின் அடியில் தொங்கும் தட்டைத் தொட்டார், திரும்பினார், நிதானமாகக் கால்களை உதைத்து ஏறத் தொடங்கினார். தலைக்கு மேல் நீர் வெளுத்துக்கொண்டே வந்தது. இன்னும் 3 மீட்டர் ஏறினால் காற்று. அந்த இடத்தில் கால்கள் நின்றுபோயின. கண்கள் திறந்தே இருந்தன, பார்வை மட்டும் எங்கோ நிலைகுத்தியிருந்தது.

கருவி எதுவும் இல்லாமல், ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு ஆழம் போகும் 'ஃப்ரீடைவிங்'கில் மயக்கம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஆழத்தில் வருவது அபூர்வம். மேல்மட்டத்தை நெருங்கும்போதோ, தலை வெளியே வந்து சில நொடிகளிலோதான் நினைவு தப்புகிறது. கேட்பதற்கு முரணாக இருக்கிறது. நுரையீரலுக்குள் இருக்கும் காற்றுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தால் முரண் தீர்ந்துவிடும்.

கரையில் நிற்கும்போது காற்றின் எடை நம்மை எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. இதை ஒரு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். கடலுக்குள் 10 மீட்டர் இறங்கினால் நீரின் எடையும் சேர்ந்து அழுத்தம் இரண்டு மடங்காகும். 20 மீட்டரில் மூன்று, 30 மீட்டரில் நான்கு. அழுத்தம் கூடினால் அடைபட்ட காற்று அதே கணக்கில் சுருங்கும். 6 லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு குதித்தவரின் நுரையீரலில் 10 மீட்டரில் 3 லிட்டர்தான். 20 மீட்டரில் 2 லிட்டர், 30 மீட்டரில் ஒன்றரை. கவனியுங்கள்: முதல் 10 மீட்டரிலேயே பாதி போய்விட்டது. அடுத்த 20 மீட்டரில் போனது அதில் பாதிதான்.

அந்த ஒன்றரை லிட்டர் முக்கியமான எல்லை. முழு பலத்தோடு மூச்சை வெளியே தள்ளினாலும் நம் நுரையீரலில் ஏறக்குறைய அவ்வளவு காற்று தங்கிவிடும். அதற்குக் கீழே விலாக்கூடு சுருங்காது என்பதால், அந்த ஆழத்துக்கு மேல் போனால் நெஞ்சு நசுங்கிவிடும் என்று மருத்துவர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து தப்பும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துவந்த ராபர்ட் கிராஃப்ட், 1968-இல் 73 மீட்டர் போய்த் திரும்பினார். அவரைச் சோதித்த கடற்படை மருத்துவர்கள் காரணத்தைக் கண்டார்கள். கை, கால், வயிற்றிலிருந்து சுமார் ஒரு லிட்டர் ரத்தம் நெஞ்சுக்குள் வந்து, நுரையீரலின் ரத்தக் குழாய்களை நிரப்பி, காற்று விட்டுப்போன இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. திரவம் சுருங்காது, அதனால் நெஞ்சு தாங்குகிறது. இதற்கும் ஓர் எல்லை உண்டு. பழகாத உடலோடு அவசரமாக ஆழம் போனவர்கள் ரத்தம் துப்பியபடி மேலே வருவது, அந்த மெல்லிய குழாய்கள் கசிந்ததற்கு அடையாளம்.

இறங்கும்போது நடப்பது இது. மயக்கத்தின் விதை ஏறும்போது இருக்கிறது.

நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு ஆக்சிஜனைத் தள்ளுவது அதன் அழுத்தம். ரத்த அழுத்தத்தை 120, 80 என்று சொல்கிறோம் அல்லவா, அதே அளவையில் சொன்னால், கரையில் சாதாரணமாக மூச்சுவிடும்போது நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தம் 100 அளவில் இருக்கும். 30 அளவுக்கு இறங்கினால் மூளை அணைந்துவிடும். இப்போது நம் ஆளைப் பாருங்கள். கீழே ஒரு நிமிடம் இருந்ததில் ஆக்சிஜன் பெரும்பகுதி செலவாகி, அவர் நுரையீரல் காற்றில் 4 சதவீதம்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். கரையில் காற்றின் மொத்த அழுத்தம் 760. ஆழத்தில் அது நான்கு மடங்கு, அதாவது 3,040. அதில் 4 சதவீதம் ஏறக்குறைய 120. கரையில் நிற்பவரைவிட அதிகம்! அதனால்தான் கீழே அவருக்குத் தலை தெளிவாக இருக்கிறது. கடல் அழுத்திப் பிழிந்துதான் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது.

ஏறும்போது அந்தப் பிடி தளர்கிறது. 20 மீட்டரில் 90, 10 மீட்டரில் 60, மேல்மட்டத்தில் 30. வழியில் ஒரு துளி ஆக்சிஜன்கூடச் செலவாகவில்லை என்று வைத்தால் வரும் கணக்கு இது. உண்மையில், ஆழத்திலிருந்து கிளம்பும்போது சுருங்கிய நுரையீரல் உடலை மிதக்க விடாது. கனத்து இழுக்கும் உடலை உதைத்து ஏற்றக் கால் தசைகள் ஆக்சிஜனை எரித்துக்கொண்டே வரும். ஆகவே 30 என்ற அளவு மேல்மட்டம் வருவதற்கு முன்பே வந்துவிடலாம். கடைசி 10 மீட்டரில் அழுத்தம் சரிபாதியாகிறது, நுரையீரல் இரட்டிப்பாக விரிகிறது. சில நேரம் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் திரும்பி நுரையீரலுக்கே போகத் தொடங்கும்.

உடல் எச்சரிக்காதா? இங்கேதான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. மூச்சு முட்டுகிறது என்று நமக்குத் தோன்றுவது முக்கியமாக ஆக்சிஜன் குறைவதால் இல்லை, கார்பன் டை ஆக்சைடு சேர்வதால். மேலே வர வர அதன் அழுத்தமும் சேர்ந்து குறைகிறது, நெஞ்சும் விரிகிறது. ஆபத்து மிக நெருங்கும் நேரத்தில் தவிப்பு தணிந்து, சுகமாகக்கூட இருக்கும். குதிப்பதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்து விடுபவர்கள் இந்த எச்சரிக்கையை இன்னும் மழுங்கடிக்கிறார்கள். அப்படிச் செய்வதால் ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. சிவப்பணுக்கள் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிரம்பித்தான் இருக்கின்றன. வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு மட்டும். நம் ஊர்க் கிணறுகளிலும் நீச்சல் குளங்களிலும் "யார் ரொம்ப நேரம் உள்ள இருக்கிறது?" என்று பந்தயம் கட்டும் பையன்கள் செய்வதும் இதுதான். அங்கே ஆழம் இல்லை. ஆனால் முட்டல் வருவதற்கு முன்பே மயக்கம் வர, இது ஒன்றே போதும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஏறும்போது தோணியில் இருந்தவர் கயிற்றை இழுத்தார். அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும், தங்கை தாலிக்கு அவன் பொறுப்பு என்று சொல்வார்கள். நம்பிக்கையின் கதையாகவே இதைக் கேட்டிருக்கிறோம். உடலியலாகவும் அது சரி: ஏறுபவரின் கால்கள் செலவழித்திருக்க வேண்டிய ஆக்சிஜனை இழுப்பவரின் தோள்கள் மிச்சப்படுத்தின.

இன்றைய ஃப்ரீடைவிங்கில் அந்த மச்சானின் இடத்தில் ஒரு கூட்டாளி இருக்கிறார். ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே இருப்பார்; இருவரும் ஒரே நேரத்தில் முழுகுவதில்லை. ஏறி வருபவரைக் கூட்டாளி 10 மீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சந்தித்து, முகத்தைப் பார்த்தபடியே உடன் ஏறுவார். உதடு நீலம் பூத்திருக்கிறதா, வாயிலிருந்து காற்றுக் குமிழிகள் கிளம்புகின்றனவா, உதைப்பு தடுமாறுகிறதா என்பதுதான் அவர் கண் தேடுவது. தலை வெளியே வந்ததும் வேலை முடிந்துவிடாது. புதிதாக இழுத்த மூச்சின் ஆக்சிஜன் மூளையைத் தொடச் சில நொடிகள் ஆகும். அதற்குள் கைகால் உதறலாம், கண் செருகலாம். வந்தவுடன் மூச்சு முழுவதையும் ஊதித் தள்ளிவிட்டால் ஆக்சிஜன் இன்னும் இறங்கும் என்பதால், கொஞ்சமாக விட்டு, வேகமாக இழுத்து, ஒரு கணம் அடக்கி, மறுபடி இழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கூட்டாளி அரை நிமிடம் பார்வையை எடுக்கக் கூடாது.

மயங்கிவிட்டால், முதலில் தொண்டை தானாக மூடிக்கொள்ளும். நீர் உடனே உள்ளே போவதில்லை. அந்தக் குறுகிய அவகாசத்தில் அவரை மேலே கொண்டுவந்து, முகத்தை வானம் பார்க்கத் திருப்பி, கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தில் ஊதி, தட்டி, பெயர் சொல்லி "மூச்சை இழு" என்று கூப்பிட வேண்டும். பெரும்பாலானவர்கள் சில நொடிகளில் இழுத்துவிடுவார்கள். எழுந்ததும் பலர், "நான் மயங்கவே இல்லையே" என்றுதான் சொல்வார்களாம்.