டான்சில் காய்ச்சலுக்குப் பிறகு எப்போது ஓடலாம்?

பதினேழு வயதுப் பையன், 800 மீட்டர் ஓட்டக்காரன் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலையில் எச்சில் விழுங்கவே வலிக்கிறது. மாலையில் காய்ச்சல் 102 டிகிரி. செவ்வாயன்று டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கிறார். இரண்டு டான்சிலும் சிவந்து வீங்கி, மேலே வெள்ளைப் புள்ளிகள். தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறது. பத்து நாளைக்கு அமாக்ஸிசிலின், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எழுதித் தருகிறார். புதன்கிழமை காலையில் தெர்மாமீட்டர் 98.6 காட்டுகிறது. அடுத்த வாரம் சனிக்கிழமை மாவட்டப் போட்டி. பயிற்சியாளர் போனில் கேட்கிறார்: “காய்ச்சல் விட்டுடுச்சா தம்பி? அப்ப நாளைக்குக் கிரவுண்டுக்கு வந்துடு.”

வரக்கூடாது. அந்த 98.6 பையனுடையது அல்ல, மாத்திரையுடையது. பாராசிட்டமால் நான்கு முதல் ஆறு மணி நேரம் சூட்டை அடக்கி வைக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது. மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் காய்ச்சல் விட்டதாகக் கணக்கு. இந்தப் பையன் கடைசி மாத்திரையை வியாழன் இரவு போட்டான் என்றால், வெள்ளி இரவு வரை பொறுத்துப் பார்த்த பிறகே அந்தப் பேச்சை எடுக்க முடியும்.

காய்ச்சலை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்? உடல் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடித் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் பத்து கூடும். நல்ல ஓட்டக்காரனுக்குப் படுத்திருக்கும்போது துடிப்பு 55 இருக்கலாம். 102 டிகிரி காய்ச்சலில் அது 75-ஐ நெருங்கிவிடும். கட்டிலில் படுத்திருக்கும்போதே இதயம் கூடுதல் வேலை செய்துகொண்டிருக்கிறது. தொண்டை வலியால் தண்ணீரும் சரியாகக் குடித்திருக்க மாட்டான். அதன்மேல் வெயிலில் வேகப் பயிற்சியும் சேர்ந்தால், உடலால் சூட்டை வெளியேற்ற முடியாது.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. தொண்டைப் புண் பெரும்பாலும் வைரஸால் வருவது. அவற்றில் அடினோ வைரஸ், காக்ஸாக்கி வைரஸ் போன்ற சில, அபூர்வமாக இதயத் தசையையும் தாக்கும். மயோகார்டைட்டிஸ் எனப்படும் இதயத் தசை அழற்சி அதுதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணிலும், அரிதாக, சில நாட்களுக்குள்ளேயே இது வருவதுண்டு. அழற்சி இதயத்தில் திட்டுத் திட்டாகப் பரவும். இதயத்தைச் சீராகத் துடிக்க வைக்கும் மின்னோட்டம் அந்தத் திட்டுகளில் தடுமாறும். ஓய்வில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாமல் போகலாம். முழு வேகத்தில் ஓடும்போது அட்ரினலின் பாய, துடிப்பு தாறுமாறாகி ஆள் சரிந்து விழலாம். காக்ஸாக்கி வைரஸ் தொற்றிய எலிகளை ஆராய்ச்சியாளர்கள் நீந்த வைத்துப் பார்த்தார்கள். சும்மா விடப்பட்ட எலிகளைவிட இவற்றின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியிருந்தது.

மனிதர்களிடம் இதற்கு ஒரு துயரமான பாடம் சுவீடனில் கிடைத்தது. அங்கே ஓரியன்டியரிங் என்ற விளையாட்டு பிரபலம். வரைபடமும் காம்பஸும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் வழி கண்டுபிடித்து ஓடுவது. 1979-க்கும் 1992-க்கும் இடையில் அந்த விளையாட்டில் இருந்த 16 இளம் வீரர்கள் திடீரென இதயம் நின்று இறந்தார்கள். நல்ல உடற்கட்டு உள்ளவர்கள். பிரேதப் பரிசோதனையில் பலரிடம் இதயத் தசை அழற்சியின் தடயம் இருந்தது. கடைசியில் அந்நாட்டு ஓரியன்டியரிங் சம்மேளனம் போட்டிகளைச் சில மாதங்கள் நிறுத்தியே வைத்தது. தொற்று இருக்கும்போது பயிற்சி செய்யாதீர்கள் என்று வீரர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்தச் சாவுகள் நின்றன. ஒரு விளையாட்டையே நிறுத்தி வைக்கும் அளவுக்கு அவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்பதை நம் பயிற்சியாளர்கள் மனதில் வைக்க வேண்டும்.

நம் பையனிடம் திரும்புவோம். வெள்ளி இரவோடு காய்ச்சல் கணக்கு முடிந்தது. சனியும் ஞாயிறும் வீட்டுக்குள் நடமாட்டம், சாப்பாடு, தூக்கம். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கமான 55 அல்லது அதை ஒட்டி வந்துவிட்டால் திங்கள் காலை கால் மணி நேரம் மெல்லோட்டம். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடும் வேகம். 65-ல் நின்றால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். செவ்வாய் 25 நிமிடம், புதன் 40 நிமிடம், எல்லாம் அதே வேகத்தில். ஒவ்வொரு மறுநாள் காலையிலும் நாடியும் உடல் அசதியும் பழையபடி இருந்தால் மட்டுமே அடுத்த படி. வியாழன் ஓய்வு. கடைசி அமாக்ஸிசிலினும் அன்றுதான். தொண்டை சரியானதும் மூன்றாம் நாளே நிறுத்திவிடக் கூடாது. வேகப் பயிற்சி அதற்கடுத்த வாரம். ஆகவே சனிக்கிழமைப் போட்டியை விட்டுவிடத்தான் வேண்டும்.

காய்ச்சலே இல்லாமல் வெறும் தொண்டைக் கரகரப்பு என்றால் இவ்வளவு வேண்டாம்; இரண்டு மூன்று நாள் லேசாக ஓடிப் பார்க்கலாம். பத்து நாளாகியும் தொண்டை ஆறாமல், கழுத்து நெறி பெரிதாகி, அடித்துப் போட்டது போல அசதி இருந்தால் மோனோ என்ற வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம். அதில் மண்ணீரல் வீங்கும். கபடி, கால்பந்து போன்ற மோதல் ஆட்டங்களை, நோய் தொடங்கியதிலிருந்து குறைந்தது மூன்று வாரமாவது, டாக்டர் சரி என்று சொல்லும்வரை தொடக்கூடாது.

மூன்றாவது வாரத்தில்தான் நம் நாட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று காத்திருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும். ஐந்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கே இது அதிகம். பணக்கார நாடுகளில் இது ஏறக்குறைய மறைந்துவிட்டது. இந்தியாவில் இன்னும் இருக்கிறது. முதலில் முழங்கால் வீங்கிச் சூடாக வலிக்கும். இரண்டு நாளில் அது குறைந்து கணுக்கால் பிடித்துக்கொள்ளும், பிறகு மணிக்கட்டு. ஓடுகிற பிள்ளைக்கு முழங்கால் வலி என்றால் எல்லோரும் சுளுக்கு என்றுதான் நினைப்பார்கள். எண்ணெய் தடவி உருவி விடுவார்கள். சுளுக்கு இடம் மாறாது. அடிபடாமல், மூட்டு விட்டு மூட்டு மாறும் வலியோடு காய்ச்சலும் இருந்தால் அன்றே இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். விட்டுவிட்டால் இதய வால்வு சுருங்கி வாழ்நாள் நோயாகிவிடும். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் பென்சிலின் வகை மருந்தைத் தொடங்கினால் இதைத் தடுத்துவிடலாம்.

டான்சில் காய்ச்சல் வந்துபோன அடுத்த வாரங்களில், முன்பு சுலபமாக ஓடிய தூரத்துக்கே மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, படுத்தால் கூடி முன்னால் குனிந்தால் குறையும் நெஞ்சு வலி, ஓடும்போது கண் இருட்டுவது ஆகிய எதுவும் பலவீனம் அல்ல. ஈசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ மூன்றையும் கேட்டுச் செய்யுங்கள். ஈசிஜி மட்டும் சரியாக இருப்பது போதாது. இதயத் தசை அழற்சி உறுதியானால் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் பயிற்சியே கூடாது. அதன் பிறகும் பரிசோதித்துப் பார்த்துத்தான் களத்துக்குத் திரும்ப வேண்டும். ஓட்டத்தின் நடுவே மயங்கி விழுந்த பிள்ளையை, தண்ணீர் தெளித்து எழுப்பி மறுபடி ஓட விடாதீர்கள். நேராக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.